அண்ணி என்றால் என்ன உறவு

விசா மறுப்புக் கடிதத்தை அண்ணி கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாள்: "பரவாயில்ல குட்டி, மனசைப் போட்டு அலட்டிக்காதே."

நாற்பது தாண்டியும் நாத்தனாருக்குக் குட்டி என்றுதான் பெயர். வெளிநாட்டில் அவள் வேலை பார்க்கிற பேக்கரியில் கூட அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இருபது வருஷமாக மாவு மூட்டை தூக்கி, தட்டு தட்டாக ரொட்டியை அடுப்புக்குள் தள்ளி, இப்போது முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. இடது கால் பாதி நேரம் மரத்துக் கிடக்கும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதன் பிறகு ஆறு வாரம் குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, குளியலறைக்குப் போகக்கூட ஆள் துணை வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு வாரம் விடியற்காலை ஷிப்ட், மறு வாரம் மாலை ஷிப்ட். வீட்டில் வேறு ஆள் கிடையாது. யார் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சு வந்தபோதே குட்டியின் வாயில் அண்ணி என்றுதான் வந்தது. இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகிறேன் என்று அண்ணியும் சொல்லிவிட்டாள்.

மறுப்புக் கடிதத்தில் பாதிக்கு மேல் எல்லாருக்கும் போகிற அச்சடித்த வாசகம். நடுவில் இரண்டு வரிதான் இவர்களுக்கென்று எழுதப்பட்டது. அழைப்புக் கடிதத்தில் விண்ணப்பதாரர் அழைப்பவரின் சகோதரி என்று குறிப்பிடப்பட்டுள்ளது; இருவரின் ஆவணங்களிலும் பெற்றோர் பெயர்கள் வேறுபடுகின்றன; உறவு திருப்திகரமாக நிறுவப்படவில்லை.

குட்டி அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அழைப்புக் கடிதத்தை எழுதியவன் அவன்தான். வேலைக்குப் போகிற அவசரத்தில் அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"சிஸ்டர்னா எழுதினீங்க?"

"பின்ன என்னன்னு எழுதறது? உன் அண்ணன் பொண்டாட்டி எனக்கு அக்கா முறைதானே. நான் அவங்களை அக்கான்னுதான் கூப்பிடறேன். அவங்க என்னைத் தம்பிங்கறாங்க. இதுல எங்க பொய்?"

அவன் சொன்னதிலும் பிசகு இல்லை. கல்யாண வீட்டில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஆமாம், அக்கா முறைதான் என்று தலையாட்டுவார். ஆனால் விசா அலுவலகத்தில் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை. அதுவும் கடிதத்தில் கையெழுத்து குட்டியுடையது. குட்டிக்கு அவள் எந்த முறையிலும் அக்கா இல்லை.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, குடியேற்ற வழக்குகள் பார்க்கும் ஒரு பெண் வக்கீலிடம் போனார்கள். கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. குட்டிக்கு அந்தப் படிக்கட்டில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வக்கீல் தமிழ்க்காரி, ஐம்பது வயசிருக்கும், சிரிப்பைக் கொஞ்சம் சிக்கனமாகவே செலவு செய்கிறவள். குட்டி நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிவதைக் கவனித்து, நின்றுகொண்டே பேசுங்கள் என்று தானும் எழுந்து நின்றாள்.

மறுப்புக் கடிதத்தைப் படித்தாள். பழைய அழைப்புக் கடிதத்தைப் படித்தாள். பிறகு கணவனைப் பார்த்து, "நல்ல வேளை, இது வெறும் கடிதம். சத்தியம் பண்ணிக் குடுத்த பத்திரமா இருந்திருந்தா வேற பேச்சு பேசிட்டிருப்போம்" என்றாள்.

மறுபடியும் விண்ணப்பிக்கலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தடவை அழைப்புக் கடிதம் போதாது. ஆதரவுப் பிரமாணப் பத்திரம் வேண்டும். வருகிறவர் யார், எதற்கு வருகிறார், எவ்வளவு நாள், எங்கே தங்குவார், செலவை யார் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கு என்ன வருமானம், எல்லாவற்றையும் சொல்லி, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். சொல்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும். "அலங்காரம் வேண்டாம். நல்லவங்க, பாசமானவங்கன்னு நாலு பக்கம் எழுதினா யாரும் படிக்கப் போறதில்ல. நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் அவங்க பாஷைல எழுதறேன். கையெழுத்துக்கு முன்னால திரும்பத் தமிழ்ல படிச்சுக் காட்டுவேன். அப்படிப் படிச்சுக் காட்டினதையும் பத்திரத்தோட அடியில எழுதணும்."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டாள். அவங்க உங்களுக்கு யாரு?

"அண்ணி."

"அண்ணன் இருக்காரா?"

"இல்ல. தவறிட்டார். ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப அண்ணனோட விதவை."

"இப்ப விதவை இல்லிங்க. மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க."

வக்கீல் பேனாவை மேசைமேல் வைத்தாள். குட்டி தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். அம்மா சாகும்போது குட்டிக்குப் பதினோரு வயது. அதே வருஷம் அண்ணனுக்குக் கல்யாணம். இருபத்திரண்டு வயதில் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அண்ணிக்குப் புருஷனோடு சேர்த்து ஒரு பதினோரு வயதுப் பெண்ணும் வந்து சேர்ந்தது. தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டது, பெரியவளானபோது பக்கத்தில் இருந்தது, கல்யாணத்துக்கு நகை பார்த்தது எல்லாம் அண்ணிதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மாரடைப்பில் போன இரண்டாம் வருஷம், அண்ணி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு வினாத்தாள் அச்சடித்துக் கொடுக்கும் அச்சகக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவரும் மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தையோடு இருந்தவர். அன்றிலிருந்து அப்பா, எனக்கு மருமகள் என்று ஒருத்தி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"சரி, சட்டப்படி இப்ப அவங்க உங்களுக்கு யாருன்னு கேட்டா?" என்றாள் வக்கீல்.

குட்டி கணவன் பக்கம் திரும்பினாள். கணவன்தான் சொன்னான். "ஒண்ணும் இல்லதான். அதனாலதாங்க நான் சிஸ்டர்னு போட்டேன்."

"ஒண்ணும் இல்லைன்னு யார் சொன்னது? நடந்தது நடந்தபடி இருக்கு. அதை எழுதினா போதும்." வக்கீல் பேனாவை மறுபடி எடுத்தாள். இறந்த அண்ணனின் மனைவியாக இருந்தவர். பிறகு மறுமணம் செய்துகொண்டவர். எங்களுக்குள் ரத்த உறவு இல்லை. என் பதினோரு வயதிலிருந்து திருமணம் வரை என்னை வளர்த்தவர். நாலு வாக்கியம். ஐந்தாவதாக, முன் கடிதத்தில் சகோதரி என்று எழுதியது தவறு, எங்கள் வழக்கத்தில் உறவினரை அப்படி அழைப்பதால் நேர்ந்தது, அதைப் படிக்காமல் நான் கையெழுத்திட்டேன். "இதையும் எழுதணும். அவங்ககிட்ட பழைய கடிதம் இருக்கு. நாமளா சொன்னா திருத்தம். அவங்களா கண்டுபிடிச்சா பொய்."

குட்டிக்கு அந்த மூன்றாவது வாக்கியம்தான் உறுத்தியது. ரத்த உறவு இல்லை என்று தன் கையால் எழுதித் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா? வக்கீல் விடவில்லை. சொல்லாமல் விட்டால் மறைத்த மாதிரி இருக்கும், சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்தை நம்புவார்கள் என்றாள்.

வருமானம் சுலபமாக முடியும் என்று நினைத்தார்கள். அதிலும் ஒரு முடிச்சு. அறுவை சிகிச்சை விடுப்பில் குட்டிக்குப் பாதிச் சம்பளம்தான். முழுச் சம்பளத்தை எழுதினால் இன்றைக்கு உண்மை, அண்ணி வந்து இறங்குகிற அன்றைக்குப் பொய். ஆகவே இரண்டையும் எழுதுவது, செலவைக் கணவனும் ஏற்றுக்கொள்வது என்று ஆயிற்று. ஆனால் ஒருத்தர் வருமானத்தை இன்னொருத்தர் சத்தியம் செய்ய முடியாது. அவனுக்குத் தனிப் பத்திரம். அவன் உற்சாகமாக ஓவர்டைம், பண்டிகை நாள் இரட்டைச் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகை சொன்னான். வக்கீல் அவனுடைய வருமான வரிக் கணக்கை வாங்கிப் பார்த்து, அதிலிருந்த தொகையை மட்டும் எழுதிக்கொண்டாள். நிறுவனம் கொடுக்கும் வேலைச் சான்றும், சம்பளச் சீட்டும், வங்கிக் கணக்கும் அதைத்தான் சொல்லும் என்றாள். தன் சம்பளம் இவ்வளவுதானா என்று அவனுக்கே கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது.

தங்குமிடம் என்ற இடத்தில் அவன் முகம் இன்னும் சுருங்கியது. போன முறை கடிதத்தில் 'தனி அறை உள்ளது' என்று எழுதியிருந்தான். வீட்டில் இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு கூடம். தனி அறை எங்கே இருக்கிறது என்று வக்கீல் கேட்டாள்.

"நான் கூடத்துல சோபாவுல படுத்துக்குவேன். அப்ப அந்த ரூம் தனிதானே?"

"அந்த ரூம்ல உங்க மனைவி இருப்பாங்களே."

"அவங்க ரெண்டு பேரும் ஒண்ணு மாதிரிதாங்க" என்றான் அவன். வக்கீல் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு, விருந்தினர் என்னுடன் படுக்கையறையில் தனிக் கட்டிலில் தங்குவார், என் கணவர் கூடத்தில் உறங்குவார் என்று எழுதினாள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் என்றுதான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் யாராவது தங்கினால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வீட்டுக்காரி கீழ்த்தளத்தில் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். அவள் யாருடைய தலையையோ பாதி வெட்டிய நிலையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, தண்ணீர்க் கட்டணம் கூடுமே என்று ஒரு தரம் முனகி, கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கட்டில் இன்னும் வாங்கவில்லை. சத்தியம் பண்ணுவதற்கு முன் வாங்கியாக வேண்டும் என்று குட்டி பிடிவாதம் பிடித்தாள். மடக்குக் கட்டில் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்து, கணவனும் அவன் சக ஓட்டுநர் ஒருவரும் மாடிக்கு ஏற்றினார்கள். அதைப் போட்டதும் படுக்கையறைக் கதவு முக்கால்வாசிதான் திறந்தது.

எல்லாம் தயாரானது, ஒன்றைத் தவிர. அண்ணியின் முதல் கல்யாணச் சான்றிதழும் அண்ணனின் இறப்புச் சான்றிதழும் அண்ணியிடமே இருந்தன. இரண்டாவது பதிவுக்கு அவை தேவைப்பட்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதமும் வாங்கிவிட்டாள். ஆனால் இறந்துபோன அந்த மனிதர் குட்டிக்கு அண்ணன் என்பதற்கு என்ன ஆதாரம்? இருவருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா என்று காட்ட வேண்டும். குட்டியின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. அண்ணனுடையது அப்பாவிடம். புதுப் பிரதி வாங்கலாமென்றால் கணினியில் ஏற்றிய பதிவேட்டில் ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது, பிற்பாடு சேர்த்த பெயர் விட்டுப்போயிருந்தது. அப்பா அந்தக் காலத்தில் அலைந்து பெயர் சேர்த்து வாங்கிய மூலப் பிரதி ஒன்றுதான் உருப்படி. அப்பா தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இரும்பு அலமாரியில் ஒரு துண்டுக் காகிதம்கூட இடம் மாறி இருக்காது.

அப்பாவிடம் அண்ணியின் பெயரை எடுத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. முதலில் எடுத்தபோது அவர் போனை வைத்துவிட்டார். அப்புறம் குட்டி எடுக்கவில்லை. வாரா வாரம் பேசுவார்கள். சர்க்கரை அளவு, பக்கத்து வீட்டுக்காரரின் வம்பு, பென்ஷன் நிலுவை, வெயில். அண்ணி என்ற பேச்சு வராமல் இருவரும் சர்வ ஜாக்கிரதையாக நடந்துகொள்வார்கள். தனக்கு அண்ணியோடு தொடர்பு இருப்பது அவருக்குத் தெரியும் என்பது குட்டிக்கும் தெரியும்.

கணவன் தானே பேசுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா சாப்பிட்டுப் படுக்கப் போகும் முன் அவளே கூப்பிட்டாள். முதுகு வலியால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள். அண்ணனோட பர்த் சர்ட்டிபிகேட் வேணும்ப்பா.

எதுக்கு என்றார். சொன்னாள். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. போனை வைக்கவில்லை என்பதே அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"உன்னைப் பார்த்துக்க வேற யாரும் கிடைக்கலையா?"

"கிடைக்கலாம். எனக்கு அவங்கதான் வேணும்."

அவர் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்காத கேள்வி வந்தது. "அவளைப் பத்தி என்னன்னு எழுதியிருக்கே?"

வக்கீல் தமிழில் எழுதிக் கொடுத்த பிரதி கையில்தான் இருந்தது. படித்துக் காட்டினாள். "விண்ணப்பதாரர் என் இறந்துபோன அண்ணனின் மனைவியாக இருந்தவர். என் அண்ணன் இறந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்டவர். எங்களுக்குள் ரத்த உறவு இல்லை. என் தாய் இறந்தபின், என் பதினோரு வயதிலிருந்து என் திருமணம் வரை என்னை வளர்த்தவர்." அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"ரத்த உறவு இல்லைன்னு எதுக்கு எழுதணும்?" என்றார் அப்பா. கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கோபம் அவள் நினைத்த பக்கத்திலிருந்து வரவில்லை.

"இல்லைதானேப்பா."

"இல்லைதான். அதுக்காக?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தெருவுல நாலு பேர் கேட்டாங்க. உங்க மருமக எப்படி இருக்காங்கன்னு. மருமகள்னு சொன்னா இன்னொருத்தன் பொண்டாட்டியை மருமகள்ங்கறேன். இல்லைன்னு சொன்னா உன்னை வளர்த்தவளை இல்லங்கறேன். என்ன சொல்றதுன்னு தெரியாமதான் வாயை மூடிக்கிட்டேன். அதுவே பழகிப்போச்சு."

குட்டி கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பேசினால் அழுகை வந்துவிடும், அழுதால் அவர் போனை வைத்துவிடுவார்.

"அந்தப் பத்திரத்தைப் படம் பிடிச்சு அனுப்பு. முழுசும்" என்றார். சான்றிதழைத் தருவதாகவும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

பிறகு மூன்று நாள் எந்தத் தகவலும் இல்லை. குட்டி பேக்கரிக்குப் போய் எடை தூக்காத வேலையாகப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வருகிறவர்களுக்குச் சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்தாள். வக்கீல் இரண்டு தடவை கூப்பிட்டு, அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் உறவுச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போகும், இருந்தாலும் நாளைக் கடத்த முடியாது, நேர்முகத்துக்குத் தேதி வாங்கியாக வேண்டும் என்றாள்.

நான்காம் நாள் அண்ணி கூப்பிட்டாள். வழக்கமாக நிதானமாகப் பேசுகிறவள், மூச்சு வாங்கப் பேசினாள்.

"மாமா வந்திருந்தார், குட்டி."

அச்சகக்காரர்தான் கதவைத் திறந்தாராம். யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வாங்க என்றிருக்கிறார். அப்பா உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியே செருப்போடு நின்றபடி, அவங்க இருக்காங்களா என்று கேட்டிருக்கிறார். அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஏழு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார் என்றாள். தண்ணீர் கொடுத்தாளாம், வாங்கிக் குடித்தாராம். பிளாஸ்டிக் உறையில் வைத்த பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, பத்திரத்தில் ஒரு தப்பு இருக்கிறது என்றிருக்கிறார். அண்ணனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், கல்யாணச் சான்றிதழிலும் இறப்புச் சான்றிதழிலும் வேறு எழுத்துக் கூட்டலாகவும் இருக்கிறது. இப்படியே போனால் இரண்டு ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.

"வேற ஒண்ணும் பேசலையா?" என்று குட்டி கேட்டாள்.

"போறப்ப, அங்க குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோன்னார்." அண்ணி அவசரமாக அடுத்ததைச் சொன்னாள். "இவர்கிட்ட, என் வீட்டுக்காரர்கிட்ட, பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்னு கேட்டார். இவர் கூடப் போய் பஸ் ஏத்திட்டு வந்தார். ரெண்டு பேரும் அரை மணி நேரம் பஸ்ஸுக்காக நின்னிருக்காங்க. என்ன பேசினீங்கன்னு கேட்டா, பேப்பர் விலை எவ்வளவு ஏறிப்போச்சுன்னு பேசினோம்கறார்."

அப்பா சொன்ன தப்பு உண்மைதான். பிறப்புச் சான்றிதழைப் பார்த்திராத வக்கீலுக்கு அது தெரிய வழியில்லை. அவள் அதை ஒப்புக்கொண்டு, இரு எழுத்துக் கூட்டல்களும் ஒரே நபரையே குறிக்கும் என்று ஒரு பத்தி சேர்த்தாள். அதற்கு ஆதாரமாக அப்பாவும் உள்ளூர் நோட்டரி முன் ஒரு சிறு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றாள். குட்டி தயங்கித் தயங்கிக் கேட்டபோது அப்பா, நானே எழுதி வைத்துவிட்டேன், பழைய ஆபீஸ் பாஷையில் இருக்கிறது, வக்கீலம்மா திருத்தட்டும் என்றார். வக்கீல் அதில் 'மேற்படி' என்ற சொல்லை மட்டும் ஏழெட்டு இடத்தில் எடுத்தாள். அதிலும் உறவு என்ற இடம் இருந்தது. இவள் என் மகனை மணந்து என் வீட்டில் இருபத்தோரு ஆண்டுகள் வாழ்ந்தவள் என்று எழுதியிருந்தார்.

நோட்டரி அறைக்குப் போகும் நாளன்று கணவன் தன் பத்திரத்தில் முந்தின நாளே வீட்டில் கையெழுத்துப் போட்டு, அழகாக உறையில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். நேரம் மிச்சம் என்று நினைத்திருக்கிறான். நோட்டரி அதைத் தொடக்கூட இல்லை. என் கண் முன்னால் போட்டால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். வக்கீல் மறுபடி அச்சடித்துக் கொண்டுவரும்வரை அவன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். அடையாள அட்டைகளைச் சரிபார்த்தார்கள். வக்கீல் குட்டியின் பத்திரத்தைத் தமிழில் முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினாள். புரிந்ததா, இதில் உள்ளதெல்லாம் உண்மைதானா என்று நோட்டரி கேட்டபோது குட்டி ஆமாம் என்றாள். அந்த ஆமாமைச் சொல்லும்போது தனக்கு முதுகு வலி தெரியவில்லை என்று பிற்பாடு கணவனிடம் சொன்னாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து, அதன் மேல் முத்திரை.

மூலப் பத்திரங்கள் கூரியரில் போயின. நேர்முகம் பத்து நிமிஷம்கூட இல்லை என்று அண்ணி சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அதிகாரி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். நீங்கள் பார்க்கப் போகிறவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். என் முதல் கணவரின் தங்கை என்றாள். முன்பு சகோதரி என்று சொன்னீர்களே. அது தப்பு, இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றாள். அதிகாரி இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். அங்கே போய் வேலை செய்வீர்களா, அவர்கள் சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்டார்.

"அதுக்கு நீ என்ன சொன்னே அண்ணி?"

"சம்பளம் வாங்கிட்டு உன்னைப் பார்த்துக்கறதுன்னா முப்பது வருஷ பாக்கி இருக்கேன்னு நினைச்சேன். வாயை அடக்கிக்கிட்டு, இல்ல, சொந்தக்காரியைப் பார்த்துக்கப் போறேன், பள்ளிக்கூடத்துல ரெண்டு மாசம் லீவு போட்டிருக்கேன், வீட்டுக்காரரும் பொண்ணும் இங்கதான் இருக்காங்கன்னேன்." எங்கே தூங்குவீர்கள் என்றுகூடக் கேட்டாராம். மடக்குக் கட்டிலில் என்றாள். அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். முடிவு ஒன்றும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை நாள் வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை. கணவன் ஒரு வாரம் விடுப்புப் போட்டான். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்துவிட்டு வீடு திரும்பிய பிறகு அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. கஞ்சி அடிப்பிடித்தது. அவளைக் கட்டிலிலிருந்து எழுப்புவதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். அவன் பாசத்தில் இரண்டு கையையும் பிடித்து நேராக இழுத்துவிட்டான். குட்டி போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்து வீட்டுக்காரி படியேறி வந்துவிட்டாள்.

விடுப்பின் கடைசி நாளில் அண்ணி கூப்பிட்டாள். விசா வந்துவிட்டது. ஒரு முறை நுழைவு, மூன்று மாதம். அப்பா பயணத்துக்கு ஒரு பட்டியல் சொன்னார் என்றாள். பாஸ்போர்ட் கைப்பையில், பிரமாணப் பத்திரத்தின் நகல் அதற்குப் பக்கத்தில், எதையும் சரக்கோடு போகிற பெட்டியில் போட்டுவிடக் கூடாது. "இப்பல்லாம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்றார். என்னைக் கூப்பிடறதுக்கு இன்னும் ஒரு பேரும் கண்டுபிடிக்கல. 'நான்தான் பேசறேன்'னு ஆரம்பிச்சிடறார்."

கணவன் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தான். குடியேற்றச் சோதனையில் அங்கேயும் யாரைப் பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டார்களாம். நகலை நீட்டினாளாம், மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்களாம். இத்தனை பாடு பட்டு எழுதினதை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிச்சிருக்கலாம் என்று அண்ணிக்குக் கொஞ்சம் குறை.

படுக்கையறைக் கதவு முக்கால்வாசி திறந்து மடக்குக் கட்டிலில் இடித்து நின்றது. அண்ணி பக்கவாட்டில் நுழைந்து வந்தாள். நரைத்திருந்தாள். கண்ணாடி புதிது. குட்டி படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். அண்ணி கையைப் பிடிக்கவில்லை. முதலில் தலையணையைச் சரி செய்தாள், போர்வையை விலக்கிக் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த விரல்ல தொடறது தெரியுதா?"

"தெரியுது."

"இதுல?"

"கொஞ்சமா."

"சாப்பிட்டாச்சா?"

குட்டி பதில் சொல்லாமல் அழ ஆரம்பித்தாள். குலுங்கினால் தையல் இழுக்கும் என்று அண்ணி அதட்டினாள். கணவன் பெட்டியோடு கூடத்தில் நின்றுகொண்டு, அக்கா, இதை எங்க வைக்கறது என்று கேட்டான். வைக்க இடமில்லைதான், தம்பி, அங்கேயே சோபாவுக்குப் பின்னால் தள்ளுங்க, முதல்ல எனக்கு அரிசி டப்பா எதுன்னு காட்டுங்க என்று சொல்லிக்கொண்டே அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, பக்கவாட்டில் வெளியே போனாள்.